பச்சை வட்டம் போட்டால் பயமில்லையா?

“தம்பி, இந்தக் கிளவுஸ் எங்கிட்டயே இருக்கு. எம் மக போன மார்கழிக்குப் பின்னிக் கொடுத்தா.”

கோத்தகிரியை ஒட்டிய ஒரு ஹட்டியில், அதாவது படகர் ஊரில், தேயிலை விவசாயிகளுக்குப் பூச்சிமருந்துப் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். சமுதாயக்கூடத்தின் முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் திரையைப் பார்த்து இப்படிச் சொன்னார். அவர் கேலி செய்யவில்லை. மருந்து அடிக்கும்போது கையுறை போட வேண்டும் என்று நான் சொன்னதை முழு மனதோடு ஏற்றுக்கொண்டு, அதற்கு வேண்டிய சாமான் வீட்டிலேயே இருக்கிறதென்று சந்தோஷப்பட்டார். தப்பு என் பக்கம். ஸ்லைடில் நான் போட்டிருந்தது 🧤. குளிருக்குப் போடும் கையுறைதான் அது. 2017-இல் எமோஜிகளில் சேர்ந்தபோது கூடவே வந்தவை மஃப்ளர், கோட்டு, சாக்ஸ். அந்தக் குடும்பத்தைப் பார்த்தாலே அதன் நோக்கம் தெரிந்துவிடும். சென்னையில் இதைப் பார்க்கிறவர் ஏதோ ஒரு கையுறை என்று நினைத்துக்கொள்வார். நீலகிரியில் ஆறு மாதம் கம்பளி போட்டு வாழ்கிறவருக்கு அது கம்பளிக் கையுறை, வேறொன்றுமில்லை. பூச்சிமருந்து கம்பளியில் பட்டால் அது உறிஞ்சிக்கொள்ளும். பிறகு நாள் முழுக்க ஈரத்தோடு தோலை ஒட்டியே இருக்கும். வெறுங்கையில் பட்டிருந்தால் உடனே கழுவியாவது இருப்பார்.

அந்த ஸ்லைடைத் தயாரிக்க எனக்கு ஆனது நாற்பது நிமிடம். விண்டோஸ் விசையையும் முற்றுப்புள்ளியையும் சேர்த்து அழுத்தினால் எமோஜிப் பெட்டி திறக்கும். கை, பூட்ஸ், முகமூடி, சோப்பு என்று தேடித் தேடிப் போட்டேன். பார்க்கக் கலகலப்பாக இருந்தது. எழுத்து நிறைந்த ஸ்லைடைக் கண்டால் விவசாயிகள் தூங்கிவிடுவார்கள், படம் போட்டால் விழித்திருப்பார்கள் என்பது எங்களைப் போலப் பயிற்சி கொடுத்துத் திரிகிறவர்களின் வேதவாக்கு. படம் என்றால் எந்தப் படம் என்று மட்டும் யாரும் யோசிப்பதில்லை.

பூட்ஸ் கதை இன்னும் மோசம். எமோஜிகளில் ரப்பர் கம்பூட் கிடையாது. 👢 என்று ஒன்று உண்டு. எழுத்துகளுக்கும் எமோஜிகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் அதன் பெயரே பெண்களின் பூட்ஸ், குதிகால் உயர்ந்தது. மலையேறுகிறவர்கள் போடும் பூட்ஸும் இருக்கிறது, ஆனால் அது துணியும் கயிறுமாக, மருந்துத் தண்ணீர் உள்ளே இறங்குகிற மாதிரி. நான் முதலில் சொன்னதைப் போட்டிருந்தேன். பின்வரிசைப் பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். “ஹீல்ஸ் போட்டுக்கிட்டு சரிவுல மருந்து அடிக்கச் சொல்றாரு சாரு” என்று ஒரு அக்கா சொன்னதற்குப் பிறகு கூட்டத்தை மீட்கப் பத்து நிமிடம் ஆனது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியது. நான் உண்மையில் பயந்தது நாலாவது ஸ்லைடில்.

நம் நாட்டில் விற்கும் ஒவ்வொரு பூச்சிமருந்து டப்பாவிலும், பாட்டிலிலும் ஒரு சாய்சதுரம் அச்சடித்திருக்கும். 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் கட்டாயமாக்கியது அது. சதுரத்தை முனையில் நிறுத்தி, நடுவில் குறுக்காகப் பிரித்தால் மேலே ஒரு முக்கோணம், கீழே ஒரு முக்கோணம். கீழே இருப்பது நிறம்: சிவப்பு என்றால் மிகக் கடுமையான நஞ்சு, மஞ்சள் என்றால் கடுமையான நஞ்சு, நீலம் மிதமானது, பச்சை குறைந்தது. மேலே இருப்பது சொல்: சிவப்புக்கு மண்டையோட்டோடு ‘பாய்சன்’, மஞ்சளுக்கு மண்டையோடு இல்லாமல் ‘பாய்சன்’, நீலத்துக்கு ‘டேஞ்சர்’, பச்சைக்கு ‘காஷன்’. எந்த மருந்தை எடுத்தாலும் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். என் ஸ்லைடில் அந்தச் சாய்சதுரமே இல்லை. பதிலுக்கு நான்கு வட்டங்கள்: 🔴 🟡 🔵 🟢. பக்கத்தில் விளக்கம்.

பயிற்சி முடிந்தபின் வழக்கமாகக் கேட்பதுபோல், “பச்சை போட்ட மருந்துன்னா என்ன அர்த்தம்?” என்று கேட்டேன். நாலைந்து பேர் ஒரே குரலில், “ஒண்ணும் ஆகாது சார். தைரியமா அடிக்கலாம்.”

அவர்கள் மேல் குற்றமில்லை. பச்சை வட்டம் என்பது சிக்னலில் ‘போ’. ஃபேஸ்புக்கில் ஆள் இருக்கிறார் என்ற அடையாளம். பிஸ்கட் பாக்கெட்டில் சின்னச் சதுரத்துக்குள் இருக்கும் பச்சைப் புள்ளி என்றால் சைவம். இத்தனை இடத்தில் ‘சரி, நல்லது’ என்று பழக்கிவைத்த ஒரு வட்டத்தை எடுத்து, ‘குறைந்த நஞ்சு, ஆனாலும் நஞ்சு’ என்ற பொருளில் நான் வைத்தால், ஒரு மணி நேரப் பேச்சு அந்தப் பழக்கத்தை வென்றுவிடுமா? டப்பாவில் இருக்கும் சாய்சதுரத்தில் பச்சைக்கு மேலேயே ‘காஷன்’ என்று எழுதியிருக்கிறது. பச்சை அங்கே தனியாக நிற்பதில்லை. நான்தான் அந்தச் சொல்லைக் கழற்றிவிட்டு நிறத்தை மட்டும் கொண்டுவந்தேன்.

ஒரு வாரம் கழித்து மஞ்சூர்ப் பக்கம் அதே ஸ்லைடுகளோடு போனேன். கையுறையையும் பூட்ஸையும் மாற்றியிருந்தேன். வட்டங்களை மாற்றவில்லை, விளக்கத்தை மட்டும் பெரிதாக்கியிருந்தேன். என் லேப்டாப்பின் இணைப்பு அங்கிருந்த புரொஜெக்டரோடு பொருந்தவில்லை. பென்டிரைவில் போட்டு, அங்கே மேசையில் இருந்த பழைய கணினியில் திறந்தோம். விண்டோஸ் 7. நாலாவது ஸ்லைடு வந்தது. இரண்டு நிறமில்லாத வட்டங்கள், இரண்டு வெற்றுக் கட்டங்கள்.

ஏன் இப்படி ஆனது என்று அன்று இரவு உட்கார்ந்து பார்த்தேன். எமோஜி ஒரு படம்போலத் தெரிந்தாலும் கோப்புக்குள் அது ஒரு எழுத்துதான். ‘அ’ எப்படி ஒரு எண்ணாகச் சேமிக்கப்படுகிறதோ அப்படியே 🟢 என்பதும் U+1F7E2 என்ற எண். ஸ்லைடோடு படம் போவதில்லை, எண்தான் போகிறது. திறக்கிற கணினியில் உள்ள எழுத்துரு அந்த எண்ணுக்குத் தன்னிடம் இருக்கும் உருவத்தை வரைகிறது. ஆப்பிள் ஒரு மாதிரி வரையும், ஆண்ட்ராய்டு ஒரு மாதிரி, விண்டோஸ் இன்னொரு மாதிரி. தன்னிடம் உருவமே இல்லாவிட்டால் ஒரு காலிக் கட்டத்தைக் காட்டும். சிவப்பு வட்டமும் நீல வட்டமும் யூனிகோடில் 2010-இலேயே வந்துவிட்டன. மஞ்சளும் பச்சையும் 2019-இல்தான் வந்தன. அதனால் அந்தப் பழைய எழுத்துருவுக்கு முதல் இரண்டும் தெரியும், அடுத்த இரண்டும் தெரியாது. தெரிந்த இரண்டையும் அது சாதாரண எழுத்தைப்போல ஒற்றை நிறத்தில் வரைந்து வைத்தது. சிவப்பும் நீலமும் ஒன்றாகிவிட்டன. நிறத்தைப் பற்றிய ஸ்லைடில் நிறமே இல்லை.

அதே கணினியில் என் முதல் ஸ்லைடும் சிதறியிருந்தது. வரவேற்புக்காக விவசாயப் பெண் எமோஜி ஒன்றைப் போட்டிருந்தேன். திரையில் வந்தது ஒரு பெண்ணின் தலை, அதற்குப் பக்கத்தில் தனியாக ஒரு நெற்கதிர். காரணம், அந்த எமோஜி ஒரே எழுத்து இல்லை. மூன்று சேர்ந்தது:

```
U+1F469  U+200D  U+1F33E
```

முதலாவது பெண். கடைசி நெற்கதிர். நடுவில் இருப்பது இரண்டையும் ஒட்டும் கண்ணுக்குத் தெரியாத பசை. 2016-க்குப் பிந்தைய எழுத்துருக்களுக்கு இந்த ஒட்டு தெரியும், பழையவை பிரித்துக் காட்டிவிடும். ‘க’வும் புள்ளியும் சேர்ந்து ‘க்’ ஆகாமல், பக்கத்தில் புள்ளி தனியே நிற்பதைப் பழைய கணினிகளில் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. “நெல்லு நம்ம மலையில எங்க சார் வெளையுது?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஒட்டு சரியாக வேலை செய்திருந்தாலும் அந்தப் பெண்ணோடு ஒட்டியிருப்பது நெல்தான். தேயிலைக்கூடை தூக்கிய பெண் எமோஜிகளில் இல்லை.

இங்கே ஒரு கிளைக்கதை. தேயிலைப் பயிற்சி எதிலும் தவிர்க்க முடியாத வாக்கியம் ‘இரண்டு இலை, ஒரு மொட்டு’. கொழுந்து பறிக்கும் தரம் அது. இதற்கு எமோஜி தேடியபோது 🌱 கிடைத்தது. பளிச்சென்று இரண்டு இலை. மொட்டு கிடையாது. தமிழ்நாட்டில் மொட்டில்லாத இரண்டு இலையை ஒரு பொதுக்கூடத்தின் திரையில் காட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. தேர்தல் அறிவிப்பு வந்த சமயமாக இருந்தால் இன்னும் விசேஷம். ‘நிறுத்து’ என்பதற்கு விரித்த கையையும், ‘காலையில் சீக்கிரம்’ என்பதற்கு உதயசூரியனையும் ஒரு சக பயிற்சியாளர் போட்டிருந்தார். அவர் ஸ்லைடுகளை வரிசையாகப் பார்த்தால் ஒரு வாக்குச்சீட்டு மாதிரியே இருந்தது. கொழுந்துக்கு எமோஜியும் வேண்டாம், ஐகானும் வேண்டாம். உள்ளங்கையில் கொழுந்தை வைத்து எடுத்த ஒரு போட்டோ போதும் என்பது என் முடிவு. பறிக்கக் கூடாத முற்றிய இலையைப் பக்கத்தில் வைத்து இன்னொன்று.

மஞ்சூருக்குப் பிறகுதான் நான்காவது ஸ்லைடை உருப்படியாகத் திருத்தினேன். செய்தது கடினமான வேலை ஒன்றுமில்லை. பவர்பாயிண்டில் Insert போய் Shapes-இல் Diamond எடுத்து ஒரு சாய்சதுரம் வரைந்தேன். அதன் கீழ்ப்பாதிக்குச் சரியாக, தலைகீழாகத் திருப்பிய ஒரு முக்கோணம். அதற்கு நிறம். மேல்பாதி வெள்ளை, அதில் டப்பாவில் உள்ள அதே சொல். எல்லாவற்றையும் சேர்த்து Group செய்து, வலது கிளிக்கில் Save as Picture கொடுத்து வைத்துக்கொண்டேன். இப்படி நான்கு. சிவப்புக்கு வேண்டிய மண்டையோட்டுக்கு மட்டும் Icons பக்கம் தேடினேன்.

இந்தப் படம் எந்தக் கணினியில் திறந்தாலும் நான் வரைந்தபடியே இருக்கிறது, ஏனென்றால் இப்போது கோப்புக்குள் போவது எண் இல்லை, உருவமே போகிறது. கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தாலும் பிழைக்கிறது. வட்டங்களை ஜெராக்ஸ் எடுத்தபோது நான்கும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறம். சாய்சதுரத்தில் நிறம் போனாலும் சொல் மிஞ்சும். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் ஒரே சொல் என்றாலும் மண்டையோடு பிரித்துக்காட்டும். இந்த விதியை எழுதியவர்கள் ஜெராக்ஸ் கடையை மனதில் வைத்து எழுதினார்களா தெரியாது, ஆனால் ஒரே விஷயத்தை இரண்டு வழியில் சொல்லிவைத்தது எவ்வளவு நல்ல யோசனை என்று அன்றுதான் புரிந்தது.

எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. விவசாயி வீட்டுக்குப் போய் டப்பாவைக் கையில் எடுக்கும்போது என் ஸ்லைடு அவர் கூட வராது. டப்பாவில் உள்ள குறிதான் இருக்கும். பயிற்சியில் பார்த்ததும் கையில் இருப்பதும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் மனதில் மொழிபெயர்க்கிற வேலை மிச்சம். கையுறைக்கும் பூட்ஸுக்கும் இதையே செய்தேன். உலக உணவு வேளாண்மை நிறுவனமும் மருந்து உற்பத்தியாளர்கள் அமைப்பும் சேர்ந்து 1980-களில் உருவாக்கிய கறுப்பு வெள்ளைக் குறிப்படங்கள் உண்டு: கையுறை, கம்பூட், முகமூடி, குழாயடியில் கை கழுவுதல், பூட்டிவைத்தல். பல மருந்து லேபிள்களின் அடியில் சிறிதாக அச்சடித்திருப்பார்கள். அழகு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதில் உள்ள கையுறை முழங்கையை நோக்கி நீள்கிறது, பூட்ஸுக்குக் குதிகால் உயரம் இல்லை.

ஐகான் என்றால் உடனே புரிந்துவிடும் என்று நானும் நம்பினேன். அதுவும் முழு உண்மை இல்லை. குழாயடியில் கை இருக்கும் படத்தைக் காட்டி, “இதைப் பார்த்தா என்ன செய்யணும்னு தோணுது?” என்று கேட்டேன். பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் கை கழுவ வேண்டும் என்றார்கள். ஒருவர் யோசித்துச் சொன்னார், மருந்தைத் தண்ணீரில் கலக்க வேண்டும் என்று. இன்னொருவர், ஸ்பிரேயரைக் குழாயடியில் கழுவலாம் என்று. குடிதண்ணீர்க் குழாயில் ஸ்பிரேயரைக் கழுவுவது நாம் செய்யவே கூடாது என்று சொல்கிற காரியம்.

இப்படித் தலைகீழாகப் புரிந்துகொள்வதற்குத் தனிக் கணக்கே இருக்கிறது. அமெரிக்காவின் பாதுகாப்புக் குறிகளுக்கான ANSI Z535.3 என்ற தரம், ஒரு குறியைச் சோதிக்கும்போது நூற்றுக்கு 85 பேராவது சரியாகச் சொல்ல வேண்டும், ஆபத்தான விதத்தில் தவறாகப் புரிந்துகொள்கிறவர்கள் 5 பேருக்கு மேல் போகக் கூடாது என்கிறது. இரண்டாவது விதி எனக்கு ரொம்பப் பிடித்தது. புரியாதவர் பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார். தப்பாகப் புரிந்தவர் கேட்க மாட்டார், செய்துவிடுவார். என் பன்னிரண்டு பேரில் ஒருவர் குழம்பினாலே எட்டு சதவீதம் ஆகிவிடுகிறது. அதனால் அந்தக் குழாய்ப் படத்தின் கீழ் ‘வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவவும்’ என்று தமிழில் எழுதிவிட்டேன். படத்துக்குக் கீழே எழுத்து வந்தால் தோற்றுவிட்டோம் என்று நினைக்கிற வடிவமைப்பாளர்கள் ஒருமுறை சமுதாயக்கூடத்தில் வந்து உட்கார வேண்டும்.

கேட்கும் முறையும் முக்கியம். “புரிஞ்சுதா?” என்று கேட்டால் எல்லோரும் “புரிஞ்சுது சார்” என்பார்கள், டீ வருகிற நேரம் வேறு. என்ன செய்வீர்கள் என்று கேட்க வேண்டும், விளக்கம் சொல்வதற்கு முன்பே கேட்க வேண்டும்.

பவர்பாயிண்டில் Insert → Icons கொடுத்தால் கிடைக்கும் ஐகான்களில் ஒரு சிக்கல் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவற்றில் கோட்டாலானவையும் இருக்கும், உள்ளே நிரப்பியவையும் இருக்கும். லேப்டாப்பில் மெல்லிய கோட்டு ஐகான் நாகரிகமாகத் தெரியும். திரைச்சீலை இல்லாத ஜன்னல்களோடு, பத்து மணி வெயில் நேராகச் சுவரில் அடிக்கிற கூடத்தில் அந்தக் கோடு காணாமல் போய்விடும். நிரப்பியதையே எடுங்கள், கறுப்பிலேயே விடுங்கள். ஐகானுக்கு Graphics Fill கொடுத்து வேண்டிய நிறம் மாற்றலாம் என்பது எமோஜியைவிடக் கூடுதல் வசதிதான். ஆனால் நிறம் ஏற்கெனவே நஞ்சின் அளவைச் சொல்லிக்கொண்டிருக்கிற ஸ்லைடுகளில் அலங்காரத்துக்காக இன்னொரு பச்சையைக் கொண்டுவராமல் இருப்பது நல்லது. பல் சக்கரம், மின்விளக்கு போன்றவற்றையும் எடுத்துவிட்டேன். ‘செயல்முறை’ என்று பொருள்படப் பல் சக்கரத்தைப் போட்டிருந்தேன். தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்கிறவர்களுக்கு அது நிஜமான பல் சக்கரம்.

எமோஜியை முழுக்க விரட்டிவிட்டேனா என்றால், இல்லை. முகம் இருக்கும் எமோஜிகள் முகத்தின் வேலையை நன்றாகவே செய்கின்றன. பயிற்சிக்குப் பிறகு வாட்ஸ்அப் குழுவில், “நாளைக்கு மழை வருமாம், யாரும் மருந்து அடிக்காதீங்க 🙏” என்று அனுப்பும்போது அந்தக் கும்பிடு இல்லாவிட்டால் வாக்கியம் அதட்டலாகிவிடும். கும்பிடு என்ன செய்யச் சொல்கிறது என்று யாரும் கேட்பதில்லை. எந்தக் குரலில் சொல்கிறேன் என்பதை மட்டும் அது சொல்கிறது. பயிற்சி எப்படி இருந்தது என்று கேட்க மூன்று முகங்கள் போட்ட தாளும் வைத்திருந்தேன். எல்லோரும் சிரித்த முகத்தில் டிக் போட்டுவிட்டுப் போனார்கள். அது எமோஜியின் குறை இல்லை, நம் ஊர் மரியாதை. மண்டையோட்டை மட்டும் முகம் என்று நினைத்துப் பயன்படுத்தாதீர்கள். என் அக்கா மகள் 💀 அனுப்பினால் சிரித்துச் சிரித்துச் செத்துவிட்டாள் என்று அர்த்தம்.

இடைவேளை ஸ்லைடுக்கு ஒரு டீ எமோஜி தேடியது தனிச் சோகம். ☕ காபிக் கோப்பை மாதிரி இருக்கிறது. 🍵 கைப்பிடி இல்லாத கிண்ணத்தில் ஜப்பான்காரர்களின் பச்சை டீ. 2020-இல் டீப்பாத்திரம் ஒன்று சேர்ந்தது, துரைமார் பங்களாவில் வைப்பது போல. மலை முழுக்கத் தேயிலை விளைகிற ஊரில், நாம் தினமும் குடிக்கிற கண்ணாடிக் கிளாஸுக்கு ஒரு எமோஜி இல்லை. சமையலறையில் அடுக்கிவைத்திருந்த கிளாஸ்களைப் போட்டோ எடுத்துப் போட்டுவிட்டேன்.

ஒரு ஸ்லைடு மட்டும் ஆறு முறை மாறியது. மருந்து அடித்தபின் எத்தனை நாள் கழித்துக் கொழுந்து பறிக்கலாம் என்பது. முதலில் ⏳ போட்டேன். மணல் கடிகாரத்தை நேரில் பார்த்தவர்கள் அந்தக் கூடத்தில் யாரும் இல்லை. “போன் சுத்துற மாதிரி” என்றார் ஒரு இளைஞர். அதுவே ‘கொஞ்ச நேரம்’ என்ற எண்ணத்தைத் தந்துவிட்டது. பிறகு காலண்டர் ஐகான். எந்தத் தேதி என்று கேட்டார்கள். காலண்டரில் நாட்களை அடித்துக் காட்டினேன். ஃபேக்டரி விடுமுறை என்று எடுத்துக்கொண்டார்கள். கூடையின் மேல் தடைக்கோடு போட்டேன். கூடையில் மருந்து கொண்டுபோகக் கூடாதாக்கும் என்றார்கள். காத்திருப்பதற்குப் படம் வரைய முடியவில்லை. நாள் கணக்கும் மருந்துக்கு மருந்து மாறும்.

இப்போது அந்த ஸ்லைடில் படமே இல்லை. ‘அடித்த தேதி’, ‘லேபிளில் போட்ட நாட்கள்’, ‘பறிக்கும் தேதி’ என்று மூன்று காலிக் கட்டங்கள் மட்டும். யாராவது ஒருவர் தன் டப்பாவைக் கொண்டுவருகிறார். பொடி எழுத்தை வாசிக்கக் கண்ணாடி உள்ள ஒருவரைத் தேடுகிறோம். அவர் எண்ணைச் சத்தமாகப் படிக்க, இன்னொருவர் எழுந்துபோய்ச் சுவரில் மாட்டிய போர்டில் எழுதுகிறார். கூட்டத்தில் பாதிப் பேர் விரல்விட்டு எண்ண ஆரம்பிக்கிறார்கள்.